"டெலிவரி ஆகிவிட்டது"ன்னு வந்ததும் பயணம் முடியல: ஆன்லைன் பார்மசிகளுக்கு ஒரு அரசு டாக்டரின் மார்க் ஷீட்

1/ கொஞ்சம் நீளமான இழை. ஆன்லைன்ல மருந்து வாங்குறவங்க, முக்கியமா ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு வெளியூர்ல இருந்து ஆர்டர் போடுறவங்க, கடைசி வரை படிச்சிடுங்க.

2/ என்கூட பள்ளியில படிச்ச நண்பன் ஒருத்தன் ஒரு ஆன்லைன் பார்மசியில வேலை பார்க்குறான். போன வாரம் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பினான். "வாடிக்கையாளர் ஆப்பைத் திறக்கிறதுல இருந்து மருந்து கையில வர்ற வரைக்கும் எங்கெங்க கஷ்டப்படுறாங்கன்னு வரைபடம் போட்டிருக்கோம். டாக்டரா நீயும் ஒரு கண்ணு பாரு மாப்ள"ன்னான்.

முறை எளிமையானதுதான். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ரெண்டு மார்க். எவ்வளவு கடுமையானதுன்னு 1-லிருந்து 5, எவ்வளவு அடிக்கடி வருதுன்னு 1-லிருந்து 5. ரெண்டையும் பெருக்கி, அதிக மார்க் வாங்கினதை முதல்ல சரி பண்ணணும்.

3/ அந்த ஷீட்ல முதலிடம் "டெலிவரி தாமதம்". கடுமை 4, அடிக்கடி 5, மொத்தம் 20. அடுத்தது "பணம் திரும்ப வர லேட்டாகுது", 3 × 4 = 12. மூணாவது என்ன தெரியுமா? "பார்மசிஸ்ட் போன் பண்ணி சீட்டைப் பத்தி கேள்வி கேட்குறது தொந்தரவா இருக்கு", 2 × 4 = 8.

கடைசி வரிசையில ஒண்ணு பாவமா கிடந்துச்சு. "தவறான பவர் மாத்திரை வந்தது". கடுமை 3, அடிக்கடி 1, மொத்தம் 3. ஏண்டா கடுமை 3-தான்னு கேட்டேன். "மாத்திக் கொடுத்துடுறோம்ல, பணமும் திரும்பத் தர்றோம்ல"ங்கிறான்.

4/ அந்தக் கடைசி வரி எனக்கு வெறும் வரி இல்ல. அது ஒரு முகம். சில மாசம் முன்னாடி, அலங்காநல்லூர் பக்கத்து கிராமத்துல இருந்து விடியக்காலம் 4 மணிக்கு 108-ல வந்த ஒரு அப்பத்தா. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். எந்த ஆப்புன்னு கேட்காதீங்க, சொல்லப் போறதில்ல. நண்பன் கம்பெனி இல்ல.)

5/ எழுபது வயசு தாண்டினவங்க. பன்னெண்டு வருஷமா சுகர். உடம்பு வேர்வையில நனைஞ்சிருந்தது. கூப்பிட்டா கண்ணைத் திறக்குறாங்க, பேச்சு கொழறுது. கூட வந்த பேத்தி, "டாக்டர், அப்பத்தாவுக்கு பக்கவாதம் வந்துருச்சு போல"ன்னு அழுதுக்கிட்டு நிக்குது.

விரல்ல குத்திப் பார்த்தா சுகர் 38. பக்கவாதம் இல்ல, தாழ்சுகர். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்புல ஏத்தினோம். கொஞ்ச நேரத்துல "எங்கடி வந்துருக்கோம்?"ன்னு பேத்தியைக் கேட்டாங்க. வார்டே மூச்சு விட்டுச்சு.

6/ ஆனா அதோட முடியல. காலையில எட்டு மணிக்கு மறுபடி சுகர் 56. கிளிமிப்ரைடு வகை மாத்திரையால வர்ற தாழ்சுகர் அப்படித்தான். மாத்திரை உடம்புல இருக்கிற வரைக்கும் அது இன்சுலினைச் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். வயசானவங்களுக்கு, கிட்னி கொஞ்சம் தளர்ந்தவங்களுக்கு அது வெளியேறவும் நேரமாகும். ஒரு தடவை குளுக்கோஸ் ஏத்தி கண்ணு முழிச்சதும் வீட்டுக்கு அனுப்பினா, அடுத்த மயக்கம் வீட்டுல வரும். ராத்திரி தூக்கத்துல வந்தா எழுப்பக்கூட ஆள் இருக்காது. ஒரு நாள் முழுக்க டிரிப்போட வச்சுப் பார்த்துதான் அனுப்பினோம்.

7/ இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்தவங்களுக்கு திடீர்னு ஏன்? மாத்திரையை எடுத்துட்டு வரச் சொன்னேன். பேத்தி மஞ்சப்பையோட வந்துச்சு. பழைய அட்டை, புது அட்டை ரெண்டும் இருந்தது. பழசு ஒரு கம்பெனியோட எம்1. புதுசு இன்னொரு கம்பெனியோட எம்2.

விளக்கம்: இது ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரை, மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும். பேருக்குப் பின்னாடி வர்ற 1, 2 எல்லாம் கிளிமிப்ரைடு எத்தனை மில்லிகிராம்னு சொல்லுது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுறவங்க. அதாவது நாளைக்கு 2 மில்லிகிராம் போயிட்டு இருந்த இடத்துல 4 போயிருக்கு. அஞ்சு நாளா.

8/ எப்படி மாறுச்சுன்னு சென்னையில இருக்கிற மகனோட பேசினேன். நல்ல மனுஷன். மாசா மாசம் ஆர்டர் போட்டு அம்மாவுக்கு அனுப்புறவர். நடந்தது இவ்வளவுதான்:

எட்டு மாசத்துக்கு முன்னாடி தனியார் டாக்டர் எழுதின சீட்டு ஆப்புல ஏற்கனவே ஏத்தியிருந்தது. "மறுபடி ஆர்டர் செய்"ன்னு ஒரு பட்டனை அமுக்கினார். அடுத்த நாள், ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது போன். "சார், எம்1 ஸ்டாக் இல்ல, அதே காம்பினேஷன்ல வேற கம்பெனி எம்2 இருக்கு, அனுப்பலாமா?" "அதே மருந்துதானே?" "ஆமா சார்." "அனுப்புங்க."

சொன்னது பொய்யும் இல்ல. மருந்து அதேதான். அளவுதான் வேற.

9/ பார்சல் ரெண்டே நாள்ல வந்துருச்சு. அப்பத்தாவுக்கு அட்டையோட நிறம்தான் அடையாளம். நிறம் மாறியிருக்கவும் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்காங்க. "கம்பெனிதாம்மா வேற, தைரியமா போடு"ன்னு அவரும் சொல்லிட்டார்.

இப்போ நான் சொல்லப்போறதுதான் இந்த இழையோட மையம். ஆப்பு "டெலிவரி எப்படி இருந்தது?"ன்னு கேட்டப்போ, மகன் அஞ்சு ஸ்டார் கொடுத்திருந்தார். அந்தக் கம்பெனி கணக்குல அப்பத்தாவோட ஆர்டர் இன்னிக்கும் ஒரு அஞ்சு ஸ்டார் வெற்றி.

10/ நண்பனோட ஷீட்ல இருக்கிற முதல் தப்பு இங்கதான் இருக்கு. அவங்க வரைபடம் "டெலிவரி ஆகிவிட்டது"ங்கிற இடத்துல முடியுது. மருந்தோட வேலை அங்கதான் ஆரம்பிக்குது. செருப்பு வாங்கினா கையில வந்ததும் கதை முடிஞ்சது, கடிச்சா திருப்பி அனுப்பிக்கலாம். விழுங்கின மாத்திரையைத் திருப்பி அனுப்ப முடியாது.

அது மட்டும் இல்ல. யாரை "வாடிக்கையாளர்"ங்கிறாங்க? ஆர்டர் போட்டது மகன். பணம் கட்டினது மகன். போன் எடுத்தது மகன். ஸ்டார் கொடுத்தது மகன். விழுங்கினது மட்டும் அப்பத்தா. வரைபடத்துல அந்த அம்மா எந்த இடத்துலயுமே இல்ல.

11/ ரெண்டாவது தப்பு, "கடுமை"ங்கிற மார்க். அவங்க அளக்குறது வாடிக்கையாளருக்கு எவ்வளவு எரிச்சல் வந்துச்சுங்கிறதை. நான் அளக்கச் சொல்றது உடம்புக்கு எவ்வளவு கேடு வந்துச்சுங்கிறதை. ரெண்டும் ஒண்ணு இல்ல.

"டெலிவரி தாமதம்"ங்கிற ஒரே வரியை எடுத்துக்கோங்க. வைட்டமின் மாத்திரை ரெண்டு நாள் லேட்டானா ஒண்ணும் ஆகாது. வலிப்பு மாத்திரை ரெண்டு நாள் லேட்டாகி, வீட்டுல இருந்ததும் தீர்ந்துட்டா, அன்னிக்கு ராத்திரியே வலிப்பு வரலாம். இன்சுலின் இல்லாம முடியாத சின்னப் பிள்ளைக்கு லேட்டானா அது உயிர்ப் பிரச்சனை. மூணையும் ஒரே வரியில போட்டு சராசரியா 4 மார்க் கொடுக்குறது, மூணு பேருக்கும் தப்பான மார்க் கொடுக்குறது. மருந்து எதுன்னு கேட்காம கடுமைக்கு மார்க் போடவே முடியாது.

12/ மூணாவது தப்பு, "அடிக்கடி"ங்கிற மார்க். இது எங்க இருந்து வருது? வந்த புகாரை எண்ணி. டெலிவரி லேட்டானா எல்லாரும் புகார் பண்ணுவாங்க, ஏன்னா அது கண்ணுக்குத் தெரியுது. பவர் மாறினது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கிறுகிறுன்னு வந்தா "வயசாயிருச்சு", "வெயிலு"ன்னு விட்டுடுவோம். மயங்கி விழுந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், ஆப்புக்கு மெயில் போட மாட்டோம். செத்துப்போனவங்க ஸ்டார் கொடுக்குறதில்ல.

அதனால புகார் குறைவுங்கிறதுக்கு தப்பு குறைவுன்னு அர்த்தம் இல்ல. பிடிபடலன்னும் அர்த்தம் இருக்கலாம்.

13/ அப்போ உண்மையான எண்ணிக்கையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு வழி சொல்றேன். அனுப்பி முடிச்ச ஆர்டர்கள்ல சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி கொஞ்சத்தை எடுங்க. அந்த ஆர்டரைப் பார்க்காத இன்னொரு பார்மசிஸ்ட் கையில சீட்டையும் பில்லையும் கொடுங்க. மருந்து, பவர், எண்ணிக்கை, வேளை நாலும் பொருந்துதான்னு ஒப்பிடச் சொல்லுங்க. அதுல வர்ற எண்ணிக்கைதான் "அடிக்கடி". கஸ்டமர் கேர்ல வர்றது சத்தத்தோட அளவு.

14/ நாலாவது, பெருக்கல். இந்தப் பெருக்கல் மருத்துவத்துக்குப் புதுசு இல்ல. எது எப்படிப் பழுதாகும்னு முன்கூட்டியே வரிசைப்படுத்துற முறை 1940-கள்ல அமெரிக்க ராணுவத்துல ஆரம்பிச்சது. 2000-க்கு அப்புறம் அங்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள் அதை மருத்துவத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி எடுத்துக்கிட்டாங்க. கடுமைக்கு 1-லிருந்து 4, அடிக்கடிக்கு 1-லிருந்து 4. பெருக்கி 8 அல்லது அதுக்கு மேல வந்தா கட்டாயம் நடவடிக்கை யோசிக்கணும்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. கடுமையில 4-ங்கிறது எரிச்சல் இல்ல, சாவு அல்லது நிரந்தரப் பாதிப்பு. "அடிக்கடி"யில 4-ங்கிறது நூத்துக்கு இத்தனைன்னு இல்ல, வருஷத்துல பல தடவை நடக்கக்கூடியதுன்னு அர்த்தம்.

15/ இப்போ நண்பனோட ஷீட்டை அந்த அளவுகோல்ல திருத்துவோம்.

வைட்டமின் மாத்திரை லேட்: கடுமை 1, அடிக்கடி 4. மொத்தம் 4. கோட்டுக்குக் கீழ.

சுகர் மாத்திரை பவர் மாறினது: கடுமை 4. ஒரு உதாரணக் கணக்கு: பத்தாயிரம் ஆர்டருக்கு ஒண்ணுதான் தப்புன்னு வச்சுக்குவோம். மாசம் ஒரு லட்சம் ஆர்டர் அனுப்புற கம்பெனியில அது மாசம் பத்து பேர், வருஷம் நூத்தி இருபது பேர். "வருஷத்துல பல தடவை"ங்கிறதைத் தாண்டியாச்சு. அடிக்கடி 4. மொத்தம் 16. இந்த அளவுகோல்ல அதுக்கு மேல மார்க்கே கிடையாது.

கடைசி வரி முதல் வரியாயிருச்சு பார்த்தீங்களா?

16/ அந்த முறையில இன்னொரு படியும் இருக்கு. மார்க் குறைவா வந்தாலும், அந்த ஒரு இடத்துல தவறினா மொத்தமும் போச்சுன்னா அதை விடக்கூடாது. அப்புறம் கேட்கணும்: தடுக்க ஏற்கனவே ஏதாவது காவல் இருக்கா? இல்லன்னா, தப்பு தானா கண்ணுல படுமா?

அப்பத்தா கேஸ்ல இருந்த ஒரே காவல் அந்த பார்மசிஸ்ட் போன். அதுவும் தப்பான ஆளுக்குப் போச்சு, தப்பான கேள்வியோட. இப்போ மறுபடி 3-வது பதிவைப் படிங்க. நண்பனோட டீம் அந்த போனையே "தொந்தரவு"ன்னு மார்க் போட்டு, குறைக்கத் திட்டம் வச்சிருக்கு! ரயில்வே கேட்டை வாகன ஓட்டிகளுக்கு எரிச்சலா இருக்குன்னு கழட்டுற மாதிரி.

17/ "அப்போ ஆன்லைன் பார்மசியே வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. நான் அப்படிச் சொல்லல. நடக்க முடியாத பெரியவங்களுக்கு, ஊர்க்கடையில கிடைக்காத மருந்துக்கு அது உதவிதான். தெருமுனை மெடிக்கல்லயும் தப்பு நடக்குது. எங்க ஆஸ்பத்திரி மருந்து கவுன்டர்ல நடக்காதுன்னு நெஞ்சுல கை வச்சு சொல்ல மாட்டேன். டாக்டர்கள் எங்க கையெழுத்தும் இந்தப் பாவத்துல பங்காளிதான்.

ஆனா கடைக்கார அண்ணனுக்கு ஆளைத் தெரியும். "என்ன ஆத்தா, இந்த மாசம் பவர் கூட்டிட்டாங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்க வாய்ப்பு இருக்கு. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துலயும் மாத்திரை வீட்டுக்குத்தான் போகுது. ஆனா கொண்டு போற தன்னார்வலர் அக்கா, விழுங்குற ஆளை நேர்ல பார்க்குறாங்க, பிரஷர் சுகர் பார்க்குறாங்க. ஆப்புல அந்த ஒரு வார்த்தையை யார் கேட்பாங்கன்னு யாராவது உட்கார்ந்து திட்டமிட்டாத்தான் உண்டு.

18/ சட்டம் என்ன சொல்லுது? 1945 மருந்து விதிகள்ல 65-வது விதி: மறுபடி கொடுக்கலாம்னு டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைக்கு மேல மருந்து கொடுக்கக் கூடாது. எச், எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளுக்கு, சீட்டுல இருக்கிறதுக்குப் பதிலா வேற தயாரிப்பைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது.

ஆன்லைன் விற்பனைக்குன்னு தனி விதிக்கு 2018 ஆகஸ்ட்ல மத்திய அரசு வரைவு வெளியிட்டுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல, விதிகள் அறிவிக்கப்படுற வரைக்கும் ஆன்லைன் விற்பனை கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்துல தனி நீதிபதி உத்தரவிட்டார். 2019 ஜனவரியில டிவிஷன் பெஞ்ச் அதுக்குத் தடை கொடுத்துச்சு. விற்கலாமா கூடாதாங்கிற சண்டையிலேயே வருஷங்கள் ஓடிப்போச்சு. விற்கும்போது எந்தப் படியில ஆள் சாவாங்கன்னு யாரும் கேட்கல.

19/ நண்பனுக்கு நான் எழுதி அனுப்பின பதில் நாலே வரி.

ஒண்ணு: பவர் மாறினா அது மாற்று மருந்து இல்ல. எழுதின டாக்டர் சம்மதம் இல்லாம கணினியே அனுப்ப விடக்கூடாது.
ரெண்டு: ஆர்டர் போடுறவர் நம்பரோட, விழுங்குறவர் நம்பரையும் வாங்கு. மாத்தம் ஏதாவது இருந்தா அவங்ககிட்ட தமிழ்ல பேசு.
மூணு: கம்பெனி மாறினா அட்டை மேல பெரிய எழுத்துல தமிழ் ஸ்டிக்கர்: "இது பழைய மாத்திரைக்குப் பதில். ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க."
நாலு: வரைபடத்தை ஏழாவது நாள் வரைக்கும் நீட்டு. அன்னிக்கு ஒரு போன். "ஸ்டார் கொடுங்க"ன்னு இல்ல. "எந்த மாத்திரை, எத்தனை வேளை போடுறீங்க, மயக்கம், வேர்வை, நடுக்கம் இருக்கா?"ன்னு.

20/ பதில் வந்துச்சு. "நாலாவது செலவு ஜாஸ்தி மாப்ள, மேல ஒத்துக்க மாட்டாங்க. முதலாவதைப் பேசிப் பார்க்கிறேன்." சரி, ஒண்ணாவது பேசு. அந்த ஒண்ணு இருந்திருந்தாலே அப்பத்தா 108-ல ஏறியிருக்க மாட்டாங்க.

21/ கம்பெனிகள் திருந்துற வரைக்கும் நாம செய்ய வேண்டியது: பார்சல் பிரிச்சதும் முதல் மாத்திரை போடுறதுக்கு முன்னாடி, பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பச் சொல்லுங்க. பேரைப் பார்க்காதீங்க, பேருக்குப் பின்னாடி இருக்கிற எழுத்தையும் நம்பரையும், கீழ பொடி எழுத்துல இருக்கிற மில்லிகிராமையும் பாருங்க. கூடக் குறைய இருந்தா போடாம, எழுதின டாக்டரைக் கேளுங்க. சந்தேகம்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோட வாங்க, பார்த்துச் சொல்றோம்.

சுகர் மாத்திரை போடுறவங்க திடீர்னு வேர்த்து, பேச்சு கொழறினா, முழிப்பா இருந்து விழுங்க முடிஞ்சா மட்டும் மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து கொடுங்க. மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தாம 108 கூப்பிடுங்க. தெளிஞ்சிட்டாங்கன்னாலும் ஆஸ்பத்திரிக்கு வரணும், ஏன்னு 6-வது பதிவுல இருக்கு.

22/ அப்பத்தா நல்லா இருக்காங்க. போன வியாழக்கிழமை ஓபிக்கு வந்தப்போ மஞ்சப்பையில இருந்து ஒரே ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாங்க. "எம்பேத்தி நம்பர் பார்த்துத்தான் தருது டாக்டரய்யா"ன்னாங்க.

அந்த வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளை செய்யுற சோதனையை, இவ்வளவு பெரிய கம்பெனி செய்யலங்கிறதுதான் என் புகார். இதுக்குக் கடுமை 4, அடிக்கடி 4 போட்டுக்கோங்க.